ஒவ்வொன்றாக ஸ்கேனா, பெட்டிக்கு ஒரு ஸ்கேனா?

சரக்கு வரவில் இரண்டு வழி உண்டு. ஒவ்வொரு பாக்கெட்டையும் ஸ்கேன் செய்யலாம். அல்லது பெட்டியின் பார்கோடை ஒரு தடவை ஸ்கேன் செய்யலாம்.

24 சோப்பு கொண்ட பெட்டிகள் 10 வந்தால், முதல் வழியில் 240 ஸ்கேன், இரண்டாவதில் 10தான். சீல் உடையாத, ஒரே ரகப் பெட்டிக்கு இரண்டாவதே போதும். ஆனால் பெட்டிக்கு 24 என்பது கணினியில் முன்பே பதிவாகியிருக்க வேண்டும். இல்லையென்றால் ஒரு பெட்டி ஒரு சோப்பாக ஏறிவிடும். முதல் பெட்டியை ஸ்கேன் செய்ததும் திரையைப் பாருங்கள்: 1 என்று காட்டினால் அங்கேயே நிறுத்தி, மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள்.

பிரித்த பெட்டி, கலந்த ரகம் என்றால் ஒவ்வொன்றாகத்தான். எலுமிச்சை 14, ரோஜா 10 இருக்கும் பெட்டியில் ஒரு எலுமிச்சையை மட்டும் ஸ்கேன் செய்து 24 என்று தட்டினால், மொத்தம் சரியாகத்தான் காட்டும். அதுதான் வம்பு. ரோஜாவை வேறு கிடங்குக்கு மாற்றும்போதுதான் இருப்பு இல்லை என்று திரை மறுக்கும். சரக்கோ கண்ணெதிரே அலமாரியில் இருக்கும்.

இடமாற்றத்திலும் இதே கணக்குதான். அப்புறம், அனுப்பும் இடம், பெறும் இடம் இரண்டின் பார்கோடையும் ஸ்கேன் செய்யுங்கள். கையால் தட்ட வேண்டாம்.