கேக்கை இரட்டிப்பாக்க இரண்டு டின்னா, ஒரே பெரிய டின்னா?

மைதா, வெண்ணெய், சர்க்கரை தலா 200 கிராம், முட்டை 4, பேக்கிங் பவுடர் 2 டீஸ்பூன். 8 இன்ச் வட்ட டின்னுக்கு நான் போடும் கணக்கு இது. வீட்டில் ஆள் கூடினால் இதை இரட்டிப்பாக்குவேன். அதை அதே அளவு டின் இரண்டில் ஊற்றலாம், அல்லது ஒரே பெரிய டின்னில் ஊற்றலாம்.

எதுவானாலும் கலக்கும் முன் ஒரு சோதனை உண்டு. மைதாவை 100 என்று வைத்துக்கொண்டு மற்றவற்றின் எடையை அதோடு ஒப்பிடுங்கள். இந்தக் கேக்கில் வெண்ணெய் 100, சர்க்கரை 100. ஓடு நீக்கிய முட்டை ஒன்று சுமார் 50 கிராம் என்பதால் முட்டையும் 100தான். இரட்டித்த பிறகும் இந்த எண்கள் மாறக் கூடாது. நடுவில் யாரோ கூப்பிட்டு, சர்க்கரையை மட்டும் பழைய 200 கிராமிலேயே விட்டிருந்தால் அது 50 என்று நின்று காட்டிக்கொடுத்துவிடும்.

இரண்டு டின் என்றால் எல்லாமே நேர் இரட்டிப்பு, பேக்கிங் பவுடரும் 4 டீஸ்பூன். மாவின் ஆழம் மாறாததால் சூடும் அதே 180 டிகிரி, நேரமும் ஏறக்குறைய அதேதான். சிக்கல் ஓவனில் இருக்கிறது. சின்ன ஓடிஜியில் இரண்டு டின்னும் காற்றுப் போக இடைவெளி விட்டு நிற்காது. ஒன்று காத்திருக்க வேண்டிவரும். தயிரும் சோடாவும் சேர்ந்த மாவு என்றால் காத்திருக்கும்போதே பொங்கும் வலுவை இழந்துவிடும். அதற்கு, முதல் கேக் வெளியே வரும் நேரத்தில் அடுத்ததைக் கலக்குவதுதான் சரி.

பெரிய டின்னில் ஏமாற்றுவது அகலம். 8 இன்ச்சின் இரட்டிப்பு 16 இன்ச் இல்லை. டின்களின் பரப்பை ஒப்பிட அகலத்தை அகலத்தாலேயே பெருக்க வேண்டும்: 8×8 = 64, அதன் இருமடங்கு 128; 11×11 = 121, அதுதான் பக்கத்தில் வருகிறது. 16 இன்ச் டின் நாலு மடங்கு பெரியது.

ஒருமுறை கையில் இருந்த 9 இன்ச் டின்னிலேயே மொத்த மாவையும் ஊற்றினேன். 128-ஐ 81-ஆல் வகுத்தால் ஆழம் ஒன்றரை மடங்குக்கும் மேல். ஓரம் கருத்தபோதும் நடு இறுகவில்லை. வெளியே எடுத்த சில நிமிடத்தில் குழி விழுந்தது. வெட்டினால் அடியில் பளபளவென்று ஈரப் பட்டை.

அகலமான டின்னில் நடுப்பகுதிக்குச் சூடு தாமதமாகத்தான் போய்ச் சேரும். அது இறுகும் முன்பே குமிழிகள் பெருத்து உடைந்தால் கேக் அமுங்கிவிடும். அதனால் 11 இன்ச்சுக்கு பவுடரை மூன்றரை டீஸ்பூனாகக் குறைத்து, 160 டிகிரியில் கூடுதல் நேரம் வைக்கிறேன். நேரத்தை மட்டும் இரட்டிக்காதீர்கள். பழைய நேரம் முடிந்ததிலிருந்தே நடுவில் குச்சி குத்திப் பாருங்கள்.

வீட்டு ஓவனுக்கு என் தேர்வு இரண்டு டின்தான், ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினால் பிறந்தநாள் கேக்கும் ஆயிற்று. பாதியாக்குவது இதைவிடச் சுலபம்: 6×6 = 36, தேவை 32, ஆக 6 இன்ச் டின் போதும். மூன்று முட்டைக் குறிப்பைப் பாதியாக்கும்போது மட்டும், மூன்றாவது முட்டையை அடித்து எடைபோட்டுப் பாதி ஊற்றுங்கள்.