குதிகால் வலி: நீட்டல் பயிற்சியா, ஊசியா, ஷாக்வேவா?

காசிமேட்டில் மீன் விற்கும் 48 வயது அக்கா ஒருவர் என்னிடம் வந்ததும் கேட்டது, "ஒரு ஊசி போட்டா போயிடுமா தம்பி?" காலையில் எழுந்து வைக்கும் முதல் நாலைந்து அடி உயிர் போகும், நடக்க நடக்கக் குறையும், வியாபாரம் முடிந்து உட்கார்ந்து எழுந்தால் திரும்ப வரும். மூன்று மாதமாக இப்படி. எக்ஸ்ரேயில் எலும்பு வளர்ந்திருப்பதாகச் சொல்லிப் பயமுறுத்தியிருந்தார்கள். வலியே இல்லாத பலருக்கும் அந்த வளர்ச்சி உண்டு.

குதிகாலின் அடியில், உட்பக்க ஓரத்தில் அழுத்தினால் துடித்தார். அது குதிகாலிலிருந்து விரல்கள் வரை ஓடும் தடித்த அடிப்பட்டை எலும்போடு சேரும் இடம். இந்தப் பட்டையில் வரும் பிளான்டார் ஃபேசியைட்டிஸ் என்ற கோளாறு பெரும்பாலும் அங்கேதான் வலிக்கும். குதிகாலை இரு பக்கமும் சேர்த்து அமுக்கும்போது வலித்திருந்தால் எலும்பில் கீறல் விழுந்திருக்குமோ என்று பார்த்திருப்பேன். எரிச்சலும் மரமரப்பும் இருந்தால் நரம்பைச் சந்தேகிக்க வேண்டும். இவருக்கு இரண்டும் இல்லை.

ஸ்டீராய்டு ஊசி சீக்கிரம் வலியைக் குறைக்கும், ஆனால் சில வாரங்களில் அந்தப் பலன் தேய்ந்துவிடும். அரிதாக அடிப்பட்டை அறுந்துபோகலாம், குதிகால் கொழுப்புத் திண்டு மெலியலாம். வலி போன தைரியத்தில் மறுநாளே கூடையோடு சிமென்ட் தரையில் நிற்கப்போகிறவருக்கு இது முதல் வழி அல்ல என்பது என் கருத்து. அக்காவுக்குச் சர்க்கரை வேறு. ஊசிக்குப் பிறகு சில நாள் அது ஏறும்.

நீட்டல் பயிற்சி மெதுவானது, ஆனால் செய்முறைதான் முக்கியம். படுக்கையை விட்டு இறங்கும் முன்பே, வலிக்கும் காலை மற்ற முட்டி மேல் போட்டு, கால் விரல்களை முழங்கால் பக்கமாக இழுத்து 10 எண்ணும் வரை பிடிக்க வேண்டும். இப்படி 10 முறை, ஒரு நாளைக்கு 3 வேளை. மற்றக் கையால் பாதத்தின் அடியைத் தொட்டால் கம்பி மாதிரி விறைத்திருக்க வேண்டும். விறைக்கவில்லையென்றால் விரலை மட்டும் மடக்குகிறோம், பட்டை நீளவில்லை. பலர் தவறுவது இங்கேதான். அக்காவும் முதல் வாரம் எழுந்து தண்ணீர் பிடித்த பிறகே செய்தார். காலை வலி அப்படியே இருந்தது. படுக்கையிலேயே செய்யத் தொடங்கியதும் அது மாறத் தொடங்கியது. அப்புறம், விரல்களுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, ஒருநாள் விட்டு ஒருநாள் குதிகாலை மெதுவாகத் தூக்கி இறக்கும் பயிற்சியைச் சேர்த்தோம். ஏலக்கூடத்துக்கு மெத்தென்ற அடியுள்ள செருப்பு.

கருவி வழியாகக் குதிகாலுக்குள் அதிர்வலைகளைச் செலுத்தும் ஷாக்வேவ் சிகிச்சையை, இப்படி ஆறு மாதம் ஒழுங்காகச் செய்தும் குறையாதவர்களுக்குத்தான் யோசிப்பேன். வாரம் ஒருமுறை என்று வழக்கமாக மூன்று அமர்வுகள். கொடுக்கும்போது வலிக்கும், பலன் தெரியப் பல வாரம் ஆகும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இதைத் தவிர்ப்பார்கள். பட்டையை அறுக்கும் பயம் ஊசியை விடக் குறைவு, அதனால் அந்தக் கட்டத்தில் ஊசிக்கு முன் இதைத்தான் சொல்வேன்.

பத்தாவது வாரம் அக்கா வந்தபோது முதல் அடி இன்னும் லேசாகக் குத்துகிறது என்றார். ஷாக்வேவ் பேச்சை எடுக்கவில்லை. துண்டுப் பயிற்சியில் பாரத்தைக் கூட்ட, முதுகில் ஒரு பையை மாட்டிக்கொள்ளச் சொல்லி அனுப்பினேன்.