பிப்ரவரிக்கு அடுத்த வாரம் செப்டம்பர்: எடைப் பதிவேட்டுடன் நான்கு ஆண்டுகள்

2022 ஜனவரியிலிருந்து என் உடல் எடையை ஓர் எக்செல் விரிதாளில் குறித்து வருகிறேன். இரண்டே நெடுவரிசைகள்: ஒன்றில் தேதி, மற்றொன்றில் கிலோ. அவற்றிலிருந்து ஒரு கோட்டு வரைபடம். இதைவிட எளிய கணக்கு இருக்க முடியாது என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் அந்த வரைபடம் பல மாதங்கள் எனக்குத் தலைகீழான கதையைச் சொல்லிக்கொண்டிருந்தது. எண்களில் ஒன்றுகூடத் தவறில்லை. கோளாறு கிடை அச்சில் இருந்தது.

முதலில் அந்த எண்களைப் பார்த்துவிடலாம்.

```
03/01/2022   82.0
10/01/2022   81.4
17/01/2022   80.9
24/01/2022   80.3
31/01/2022   79.8
07/02/2022   79.4
14/02/2022   79.0
26/09/2022   83.5
```

உணவுக் கட்டுப்பாடு தொடங்கிய உற்சாகத்தில் திங்கள்தோறும் எடை பார்த்தேன். ஆறு வாரத்தில் மூன்று கிலோ குறைந்தது. பிறகு எல்லோருக்கும் நேர்வது எனக்கும் நேர்ந்தது. எடைக்கருவி கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. செப்டம்பர் இறுதியில் அதை வெளியே இழுத்தபோது 83.5 காட்டியது.

வரைபடத்தில் இது எப்படித் தெரிந்தது? ஆறு படிகளில் மெல்ல இறங்கும் ஒரு சரிவு. அதற்கு அடுத்த ஒரே படியில் செங்குத்தாக எகிறும் ஒரு கோடு. பார்த்தவுடன் மனம் சொன்னது: குறைவது ஆமை வேகம், ஏறுவது முயல் வேகம். அந்த ஒற்றைத் தாவலுக்குக் காரணம் தேடி, அதற்கு முந்தைய வாரம் போய்வந்த பயணத்தையும் அங்கே சாப்பிட்ட விருந்துகளையும் குற்றவாளி ஆக்கினேன். வெளியே சாப்பிடுவதை நிறுத்தினால் போதும் என்று முடிவும் கட்டினேன்.

படத்தைத் தற்செயலாகப் பார்த்த என் தங்கைதான் கேட்டாள்: "அண்ணா, பிப்ரவரி முடிந்ததும் அடுத்த வாரமே செப்டம்பர் வந்துவிடுமா?"

அப்போதுதான் அச்சைக் கவனித்தேன். 07/02க்கும் 14/02க்கும் நடுவே எவ்வளவு தூரமோ, 14/02க்கும் 26/09க்கும் நடுவேயும் அதே தூரம். முன்னது 7 நாள், பின்னது 224 நாள். முப்பத்திரண்டு வாரங்களை ஒரு வாரத்தின் அகலத்துக்குள் மடித்து வைத்திருந்தது வரைபடம்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். இறங்கியது 42 நாளில் 3 கிலோ, அதாவது வாரத்துக்கு அரைக் கிலோ. ஏறியது 224 நாளில் 4.5 கிலோ, வாரத்துக்குச் சுமார் 140 கிராம். படத்தில் ஏற்றம் இறக்கத்தைவிட ஒன்பது மடங்கு செங்குத்து. உண்மையில் அது இறக்கத்தைவிட மூன்றரை மடங்கு மெதுவானது. நாளுக்கு 20 கிராம்! பயண விருந்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. தினமும் கொஞ்சம், ஏழு மாதத்துக்கும் மேலாக. நான் மாற்ற வேண்டியிருந்தது வீட்டு உணவை.

இப்படி ஆனதற்கு நானே காரணம். என் கணினியின் வட்டார அமைப்பு மாதத்தை முதலில் வைக்கும் முறையில் இருந்தது. 03/01 என்று தட்டினால் அது மார்ச் 1 ஆகிவிடுவதை முதல் நாளே பார்த்து எரிச்சலடைந்து, தேதி நெடுவரிசை முழுவதையும் Text வடிவத்துக்கு மாற்றிவிட்டுத்தான் உள்ளிட ஆரம்பித்தேன். தட்டியது தட்டியபடியே நின்றது, எனக்கும் நிம்மதி. ஆனால் அதற்குப் பிறகு அந்தக் கட்டங்களில் இருந்தது தேதி அல்ல, தேதி போலத் தெரியும் எழுத்துகள். எக்செலுக்கு ஒரு தேதி என்பது உள்ளே ஓர் எண். 3 ஜனவரி 2022 என்றால் 44564, 26 செப்டம்பர் என்றால் 44830. அந்த எண் இருந்தால்தான் இரண்டு நாட்களுக்கு நடுவே எவ்வளவு தூரம் என்று அதற்குத் தெரியும். எழுத்தாக இருந்தால் "14/02/2022" என்பதும் "மாம்பழம்" என்பதும் அதற்கு ஒன்றுதான். வரிசையில் ஒன்றுக்குப் பின் ஒன்றாகச் சம தூரத்தில் நிறுத்திவிடும்.

சரிசெய்யப் போனபோது நான் பட்ட பாட்டைச் சொன்னால், அதே வழியில் போகிற ஒருவருக்காவது நேரம் மிஞ்சும்.

முதலில் நெடுவரிசையைத் தேர்ந்து வடிவத்தை Date என்று மாற்றினேன். எதுவும் நடக்கவில்லை. வடிவம் என்பது எண்ணுக்குப் போடும் உடை. உள்ளே எழுத்து இருக்கும்போது உடை மாற்றி என்ன பயன்? அடுத்து வரைபடத்தின் Format Axis பகுதியில் Date axis என்பதைத் தேர்ந்தேன். அச்சில் 1/1/1900, 1/2/1900 என்று வரிசையாக வந்து நின்றன. படிக்கத் தேதி எதுவும் இல்லாததால் மென்பொருள் 1, 2, 3 என்று எண்ணிக்கொண்டு, அந்த எண்களைத் தேதியாக மாற்றிக் காட்டுகிறது. அதன் கணக்கில் ஒன்றாம் எண் 1900 ஜனவரி முதல் தேதி. யாருடைய வரைபடத்திலாவது 1900 எட்டிப் பார்த்தால், நெடுவரிசையில் இருப்பது எழுத்து என்று உடனே சொல்லிவிடலாம்.

மூன்றாவது முயற்சிதான் ஆபத்தானது. ஒவ்வொரு கட்டத்திலும் F2 அழுத்தி Enter தட்டினால் அது மீண்டும் உள்ளிட்டதாகக் கருதப்பட்டுத் தேதியாக மாறும் என்று யாரோ சொன்னார்கள். மாறத்தான் செய்தது, எட்டில் மூன்று மட்டும். 17, 24, 31 என்ற மாதங்கள் கிடையாது என்பதால் அவை எழுத்தாகவே நின்றன. 14, 26 தேதிகளும் அப்படியே. மாறிய மூன்றும் தவறாக மாறின. 03/01 மார்ச் 1 ஆனது, 10/01 அக்டோபர் 1 ஆனது, 07/02 ஜூலை 2 ஆனது. கொடுமை என்னவென்றால், திரையில் அவை 3/1/2022, 10/1/2022, 7/2/2022 என்றே தெரிந்தன. என் கண் அவற்றை ஜனவரி, பிப்ரவரி என்றே படித்துக்கொண்டது. முன்னிருந்த பூஜ்யம் காணாமல் போனதும், அந்த மூன்று மட்டும் கட்டத்தின் வலது ஓரம் ஒதுங்கியதும்தான் தடயங்கள். எழுத்து இடப்பக்கம் ஒட்டும், எண் வலப்பக்கம் ஒட்டும். நாமே சீரமைப்பை மாற்றாதவரை இது நல்ல சோதனை.

இந்தக் கலப்பு நிலையிலேயே புள்ளிப்படமாக மாற்றிப் பார்த்தேன். Scatter எப்போதும் எண் அச்சைத்தானே பயன்படுத்தும் என்ற நம்பிக்கை. ஆனால் அந்த நெடுவரிசையில் ஒரு கட்டம் எழுத்தாக இருந்தாலும் போதும், எல்லாவற்றையும் 1, 2, 3 என்று எடுத்துக்கொள்கிறது. மறுபடியும் சம இடைவெளி.

கடைசியில் கைகொடுத்தது C நெடுவரிசையில் எழுதிய இந்த வாய்பாடு:

```
=IF(ISTEXT(A2),
 DATE(RIGHT(A2,4),MID(A2,4,2),LEFT(A2,2)),
 DATE(YEAR(A2),DAY(A2),MONTH(A2)))
```

எழுத்தாக இருந்தால் வெட்டி எடுத்துத் தேதியாகக் கட்டும். எண்ணாக மாறியிருந்தால், நாளும் மாதமும் இடம் மாறிவிட்டன என்று கொண்டு திருப்பிப் போடும். எண்ணாக இருப்பவை எல்லாமே தவறாக மாறியவை என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டுமே இதைப் பயன்படுத்தலாம். சரியான தேதி ஒன்று நடுவே இருந்தால் அதையும் கெடுத்துவிடும். என்னிடம் நோட்டுப் புத்தகத்தில் மூலம் இருந்ததால் ஒப்பிட முடிந்தது.

அன்று சேர்த்த நான்காவது நெடுவரிசை ஒன்று இன்றுவரை இருக்கிறது: முந்தைய தேதிக்கும் இதற்கும் எத்தனை நாள் என்ற வித்தியாசம், `=C3-C2`. அதில் 7, 7, 7, 7, 7, 7, 224 என்று வந்தால் எல்லாம் சரி. நாளும் மாதமும் புரண்டிருந்தால் ஒரு கழித்தல் எண்ணோ, நம்ப முடியாத பெரிய எண்ணோ தலைகாட்டும். எழுத்து நுழைந்திருந்தால் `=COUNT(C2:C9)` எட்டுக்குக் குறைவாகக் காட்டிவிடும். வரைபடத்தை வெறித்துப் பார்ப்பதைவிட இது வேகமானது.

இந்த நான்கு ஆண்டுகளில் லிப்ரே ஆஃபிஸ் கால்க்கிலும் சில காலம் வைத்திருந்தேன். அங்கும் அச்சின் அமைப்பில் Auto, Text, Date என்ற மூன்று தேர்வுகள் உண்டு. தேதி எழுத்தாக இருந்தால் அங்கும் அதே சம இடைவெளிதான். பைத்தானில் மேட்பிளாட்லிப் கொண்டு வரைந்தபோது அறிகுறி வேறு மாதிரி இருந்தது. எழுத்துத் தேதிகளைக் கொடுத்தால் ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு பெயர்ச்சீட்டு வைக்கப் பார்க்கும். நூறு வரிகள் இருந்தால் அச்சுக்குக் கீழே கறுப்பாக ஒரு திட்டு. உண்மையான கால அச்சில் மாதத் தொடக்கம் போன்ற ஒழுங்கான இடங்களில் மட்டுமே சீட்டுகள் வரும், நாம் என்றைக்கு அளந்தோம் என்பது அதற்குப் பொருட்டே இல்லை. அங்கே பாண்டாஸ் நூலகத்தின் இந்த ஒரு வரி போதும்:

```python
df["date"] = pd.to_datetime(df["date"], format="%d/%m/%Y")
```

`dayfirst=True` என்று சுருக்கமாக எழுதலாமே என்பார்கள். அது கறாரானது அல்ல, பொருந்தாத தேதியைத் தானே திருப்பிப் படித்துவிடக்கூடும். `format` கொடுத்தால் பொருந்தாத வரியில் பிழை காட்டி நின்றுவிடும். எனக்கு நின்றுவிடுவதுதான் பிடிக்கிறது.

உண்மையான தேதி அச்சுக்கும் குறைகள் உண்டு. எக்செலின் கோட்டுப் படத்தில் தேதி அச்சு நாளுக்குக் கீழே போகாது. காலை, இரவு என்று ஒரே நாளில் இருமுறை எடை பார்த்த மாதத்தில் இரண்டு புள்ளிகளும் ஒரே செங்கோட்டில் அமர்ந்தன. அதற்குப் புள்ளிப்படம்தான் வழி. Base Units என்பதை நானே ஒருமுறை மாதம் என்று மாற்றிவிட்டு, ஒரு மாதத்தின் பதிவுகளெல்லாம் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி நிற்பதைக் கண்டு திகைத்ததும் உண்டு.

எழுத்து அச்சே பொருத்தமான இடமும் இருக்கிறது. பங்கு விலையை வரையும்போது விடுமுறை நாட்களின் வெற்றிடம் வேண்டாம் என்று தெரிந்தே வணிக நாட்களைச் சம தூரத்தில் நிறுத்துகிறார்கள். எடையில் அப்படி விடுமுறை ஏதும் கிடையாது.

என் படத்தில் இன்னும் ஒரு சிக்கல் மிச்சமிருந்தது. அச்சு சரியான பிறகு 14 பிப்ரவரிக்கும் 26 செப்டம்பருக்கும் நடுவே நீளமான, நேரான ஒரு கோடு வந்தது. தினமும் அளந்ததுபோல அவ்வளவு அழகு! அந்த 224 நாட்களில் எடை 86 வரை போய்த் திரும்பியிருந்தாலும் அந்தக் கோட்டுக்குத் தெரியாது. நான் சொன்ன நாளுக்கு 20 கிராமும் வெறும் சராசரிதான். இரண்டுக்கும் நடுவே 01/06/2022 என்று ஒரு வரி சேர்த்து, எடைக் கட்டத்தைக் காலியாக விட்டேன். இப்போது அங்கே கோடு அறுந்திருக்கிறது; இரு பக்கமும் புள்ளிகள் மட்டும் நிற்கின்றன.