தோழியின் கட்டுரை, என் கை: நான்கு வழிகளும் ஒரு பத்தியும்

பி.எட். படிக்கும் என் தோழி, கற்பித்தல் பயிற்சிக்குப் போன பள்ளியில் நடந்த ஒரு வகுப்பைப் பற்றிக் கட்டுரை எழுதினாள். நடந்ததைச் சொல்லி, அதில் தனக்கு என்ன புரிந்தது என்று யோசித்து எழுத வேண்டிய கட்டுரை. சுமார் 600 சொற்கள். "வாசிச்சுப் பாரு மக்கா, சரியில்லாததைச் சொல்லு" என்று கூகுள் டாக்ஸில் அனுப்பினாள். அவள் விளவங்கோடு பக்கம், நான் நாகர்கோவில். இந்த இடைவெளி எவ்வளவு முக்கியம் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அதில் ஒரு பத்தி இது:

"நீர் ஆவியாவதைப் பற்றிக் கேட்டேன். கடைசி பெஞ்சில் ஒருத்தன் எளும்பி, வெள்ளம் வெயிலில் காயும் டீச்சர் என்றான். வெள்ளம் இல்லை, தண்ணீர் என்று சொன்னேன். அதற்கு பிறகு அவன் எளும்பவே இல்லை. எனக்கு அது அன்றைக்கு மனசிலாகவில்லை."

எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பக்கத்தில் குடிக்கிற தண்ணீரையே வெள்ளம் என்பார்கள். பாடப்புத்தகத் தமிழில் அது கரை புரண்டு வருவது. ஆக அவள் திருத்தியதற்கும் ஒரு காரணம் இருந்தது.

முதல் வழி, நேராகத் திருத்தி எழுதிவிடுவது. அதைத்தான் முதலில் செய்தேன். கடைசி இரண்டு வாக்கியங்களை இப்படி ஆக்கினேன்: "மாணவனின் வட்டார வழக்கை நான் திருத்தியது அவனது பங்கேற்பை முடக்கிவிட்டது என்பதை அன்று நான் உணரவில்லை." இலக்கணம் சரி, படிக்கவும் கனமாக இருக்கிறது. ஆனால் அவள் எழுதியது ஒன்று, இது சொல்வது வேறொன்று. திருத்தினேன், அதற்குப் பிறகு அவன் எழும்பவில்லை என்று மட்டும்தான் அவள் எழுதியிருந்தாள். அதனால்தான் எழும்பவில்லை என்று முடிவு கட்டியது நான். அவனுக்கு அன்று வயிற்றுவலியாகக்கூட இருந்திருக்கலாம். வேறு வகைக் கட்டுரையில் வாக்கியத்தை மாற்றினால் நடைதான் மாறும். இந்த வகையில் எழுதியவர் எதை, எப்போது, எந்த அளவுக்குப் புரிந்துகொண்டார் என்பதுதான் சரக்கே. வாக்கியத்தை மாற்றினால் அந்தப் புரிதலும் மாறிவிடுகிறது. அவள் இன்னும் யோசித்துச் சேராத இடத்துக்கு நான் அவளைத் தூக்கிக்கொண்டு போய் வைத்துவிட்டேன். அப்புறம் அவள் அங்கே நடந்து வரத் தேவையே இல்லை.

இரண்டாவது, அதே டாக்ஸில் இருக்கும் Suggesting முறை. நாம் மாற்றுவது தனி நிறத்தில் தெரியும், எழுதியவர் ஒவ்வொன்றையும் ஏற்கலாம், தள்ளலாம். மரியாதையான வழி என்று தோன்றும். ஆனால் நட்பில் யாரும் தள்ளுவதில்லை. நாளைக்குச் சமர்ப்பிக்க வேண்டியவள் நாற்பது இடத்தில் நிறம் கண்டால், ஒன்றையும் வாசிக்காமல் டிக் டிக் என்று அழுத்திக்கொண்டே போவாள். இந்த வழி ஒற்றுப் பிழைக்கு மட்டும் நல்லது. "அதற்கு பிறகு" என்பதை "அதற்குப் பிறகு" ஆக்குவதில் யாருடைய குரலும் மாறாது. "எளும்பி" அப்படியில்லை. அகராதிப்படி "எழும்பி", ஆனால் அவள் வாயில் வருவது எளும்பிதான். அது பிழையா, வேண்டுமென்றே எழுதியதா என்று எழுதியவருக்குத்தான் தெரியும். "மனசிலாகவில்லை" என்பதும் அப்படியே. அங்கே கை வைக்காமல், "இது உன் பேச்சாக இருக்கட்டும் என்று விட்டாயா? திருத்துகிறவர் பிழை என்று மார்க் குறைக்க வாய்ப்பு உண்டு, நீ பார்த்துக்கொள்" என்று ஓரத்தில் எழுதுவது போதும். எப்படி வாசிக்கப்படும் என்று சொல்வது என் வேலை. முடிவெடுப்பது அவள் வேலை.

மூன்றாவது, ஓரத்தில் கேள்வி மட்டும் கேட்பது. எனக்கு இதுதான் பிடித்த வழி, ஆனால் கேள்வியிலும் நம் குரல் நுழைந்துவிடும். "இங்கே உனக்குக் குற்ற உணர்வு இருந்ததா?" என்று கேட்டால், அடுத்த வரைவில் "எனக்குக் குற்ற உணர்வு ஏற்பட்டது" என்று ஒரு வரி வந்து நிற்கும். அது கேள்வியின் எதிரொலி. இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய சோதனை உண்டு: புதிய வாக்கியத்தில் நம் கேள்வியில் இருந்த சொற்களே திரும்பி வந்தால், நாம்தான் எழுதிக்கொடுத்திருக்கிறோம். கேள்வி, நடந்ததைப் பற்றி இருக்க வேண்டும். அதற்கு என்ன அர்த்தம் என்பதைப் பற்றி இருக்கக் கூடாது.

என் திருத்தத்தை அழித்து, பழைய பத்தியை Version history-யில் இருந்து மீட்டேன். அப்புறம் அந்தப் பத்திக்கு ஒரே ஒரு கேள்வி போட்டேன்: "அவன் பிறகு எளும்பவில்லை என்பதை நீ எப்போது கவனித்தாய்?"

மறுநாள் அவள் எழுதியது:

"வகுப்பில் நான் அதைக் கவனிக்கவே இல்லை. சாயங்காலம் தக்கலை பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது ஒரு பிள்ளை அம்மாவிடம் வெள்ளம் கேட்டது. அப்போதுதான் அவன் ஞாபகம் வந்தது. என் வீட்டிலும் நான் வெள்ளம் என்றுதான் கேட்பேன்."

அந்தக் கடைசி வரியை நான் எத்தனை நாள் உட்கார்ந்தாலும் எழுதியிருக்க முடியாது. என் வீட்டில் தண்ணி என்றுதான் சொல்வோம். "வட்டார வழக்கு" என்று நான் எழுதியது வெளியே நின்று பார்ப்பவரின் சொல். அவளுக்கு அது வீட்டுச் சொல்.

கேள்விகளின் எண்ணிக்கையும் முக்கியம். ஒரு கட்டுரைக்கு மூன்றுக்கு மேல் நான் கேட்பதில்லை. எங்கே கேட்பது என்பதற்கு, ஒவ்வொரு பத்திக்கும் பக்கத்தில் "நடந்தது" அல்லது "யோசித்தது" என்று எனக்காக மட்டும் ஒரு தாளில் குறித்துக்கொள்வேன். அவளுடைய ஏழு பத்தியில் ஐந்து நடந்தது. இந்த வகைக் கட்டுரையில் பெரும்பாலும் இப்படித்தான் ஆகிறது. கதை நீளும், யோசனை கடைசிப் பத்தியில் அவசரமாக வந்து முடியும். அதனால் கேள்விகளை, நடந்தது முடிந்து யோசனை தொடங்கும் அந்த மடிப்பில் போட வேண்டும்.

நான்காவது, வாட்ஸாப்பில் குரல் பதிவு. கட்டுரையைச் சத்தமாக வாசித்து, எங்கே நின்றேன், எங்கே திரும்ப வாசித்தேன் என்று மட்டும் சொல்வது. "ஆவியாதல் பற்றிய இரண்டாம் பத்தியில் எனக்குக் கவனம் போய்விட்டது, அந்தப் பையன் எளும்பியதும் திரும்ப வந்தது" என்பது மாதிரி. தன் வாக்கியம் இன்னொருவர் வாயில் தடுக்குவதைக் கேட்டால் எழுதியவருக்கே பல இடம் புலப்படும். குறை, எந்த வரி என்று தேட வேண்டும், நீளமான பதிவை யாரும் இரண்டாம் முறை கேட்க மாட்டார்கள். இரண்டு நிமிடத்துக்குள் முடித்தால் நல்லது.

அவகாசம் இருந்தால் நான் முதலில் குரல் பதிவு அனுப்புவேன், பிறகு மூன்று கேள்வி, ஒற்றுப் பிழையைக் கடைசி வரைவில் மட்டும். நாளைக் காலையில் சமர்ப்பிக்க வேண்டும் என்றால் கேள்வியே வேண்டாம். பதில் யோசிக்க நேரம் இல்லாதவர், பதிலையும் நம்மிடமே கேட்பார். அன்றைக்கு ஒற்று மட்டும் பார்த்துக் கொடுத்துவிடலாம்.

அந்தக் கட்டுரையில் நான் போட்ட மூன்றாவது கேள்வி, மறுநாள் அந்தப் பையனிடம் ஏதாவது பேசினாயா என்பது. அதற்கு அவள் ஒன்றும் எழுதவில்லை. டிக் குறியை அழுத்தி மூடிவிட்டாள். நானும் திரும்பக் கேட்கவில்லை. கட்டுரை அப்படியே போயிற்று, "மனசிலாகவில்லை" என்ற சொல்லோடு.