1,350 ரூபாய் வாங்கிக்கொண்டு ஒழுகிற ஜாரையே திருப்பிக் கொடுத்தார்கள்: மிக்சி ரிப்பேருக்கு ஆள் கூப்பிடுமுன் படியுங்கள்

நேற்று மாலைதான் முழு உண்மையும் தெரிந்தது. ராத்திரி சரியாகத் தூக்கம் இல்லை. வேறு யாரும் இப்படிப் பணத்தை விடக்கூடாது என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் மிக்சி வாங்கி ஆறு வருஷம் ஆகிறது. மூன்று ஜாரில் நடு ஜார்தான் தினமும் ஓடும். சட்னி, இஞ்சி பூண்டு விழுது, குழம்புக்குத் தேங்காய் எல்லாம் அதில்தான். போன மாதம் முதல் அரைத்து முடித்து ஜாரைத் தூக்கினால் அடியில் ஈரம். துணியில் துடைத்தால் லேசான கறுப்பு. பிளேடைத் தொட்டால் கொஞ்சம் ஆடியது. ரப்பர் வாஷர் போயிருக்கும், மாற்றினால் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

கடைக்குத் தூக்கிக்கொண்டு போக நேரம் இல்லாமல், வீட்டுக்கே ஆள் அனுப்பும் ரிப்பேர் சர்வீஸ் ஒன்றில் போனிலேயே புக் செய்தேன். சொன்ன நேரத்துக்கு ஒரு தம்பி வந்தார். சீருடை, அடையாள அட்டை, டூல் பெட்டி எல்லாம் பக்காவாக இருந்தது. ஜாரைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, "வாஷர் போச்சு, புஷ்ஷும் தேஞ்சிடுச்சு. ரெண்டையும் ஒரிஜினலா மாத்திடறேன்க்கா" என்றார். பிளேடின் தண்டைத் தாங்கிப் பிடிக்கும் குழாய்தான் புஷ். அடுப்பில் பால் வைத்திருந்தேன். நான் உள்ளே போய்த் திரும்புவதற்குள், கால் மணி நேரத்தில், வேலை முடிந்துவிட்டது.

நான் ஏமாந்த இடம் இனிமேல்தான். ஜாரில் முக்கால் அளவு தண்ணீர் ஊற்றி என் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். இரண்டு நிமிஷம் அசையாமல் பிடித்திருந்தார். "பாருங்கக்கா, ஒரு சொட்டு விழுதா?" விழவில்லை. கண்ணால் பார்த்த பிறகு சந்தேகப்பட என்ன இருக்கிறது? பார்ட்ஸ் 800, கூலி 300, வந்து பார்த்ததற்கு 250. மொத்தம் 1,350 ரூபாய். அங்கேயே அனுப்பினேன். பழைய வாஷரைக் கேட்கக்கூடத் தோன்றவில்லை.

நாலாவது நாள் காலையில் தேங்காய்ச் சட்னி அரைத்தேன். ஜாரைத் தூக்கினால் மிக்சியின் தலையில் வெள்ளையாகச் சட்னித் தண்ணீர் தேங்கி நிற்கிறது, நடுவில் கறுப்புக் கோடு. சட்னியின் அடியிலும் அதே கறுப்பு. அப்படியே கொட்டினேன். அடுத்த முறை மிக்சியைப் போட்டபோது கரகரவென்று சத்தம், லேசான கருகல் வாடை. கசிந்த தண்ணீர் மோட்டார் பக்கம் இறங்கியிருக்கிறது.

உடனே போன் செய்தேன். முதல் நாள், "கம்ப்ளெயிண்ட் பதிவாகிடுச்சு மேடம், 48 மணி நேரத்துல ஆள் வருவாங்க" என்றார்கள். மூன்று நாள் யாரும் வரவில்லை. மறுபடி கூப்பிட்டால், "சட்னிக்குத் தண்ணி அதிகமா ஊத்துறீங்களா?" என்று கேட்கிறார்கள். முப்பது வருஷமாகச் சட்னி அரைக்கிறவளிடம் கேட்கிற கேள்வியா இது? அப்புறம், வாரண்டி பார்ட்ஸுக்குத்தான், லீக்கேஜுக்கு இல்லையாம். பார்ட்ஸ் பேர் பில்லில் எங்கே என்று கேட்டேன். பில்லில் "ஜார் சர்வீஸ் 1,350" என்று ஒரே வரிதான். கடைசியில், "ஜார் பழசு மேடம், புதுசு வாங்கிக்கோங்க." பழசு என்று அன்றைக்கே சொல்லியிருந்தால் 1,350 ரூபாயைப் புது ஜாருக்கே போட்டிருப்பேனே! இப்போது என் நம்பரைப் பார்த்தாலே எடுப்பதில்லை.

நேற்று ஜாரையும் மிக்சியையும் எடுத்துக்கொண்டு கடைத்தெருவில் நாற்பது வருஷமாக மிக்சி, கிரைண்டர் பார்க்கும் பெரியவரிடம் போனேன். அவர் என் முன்னாலேயே பிரித்தார். அடியில் இருக்கும் கப்ளரைக் கழற்றி, பிளேடைத் தண்டோடு உருவி எடுத்து, புஷ்ஷின் நட்டைத் திருகினார். நட்டைச் சுற்றிப் பழுப்பாகக் காய்ந்த பசை, நகத்தால் கீறினால் பிசிறு பிசிறாக வந்தது. அதற்குள்ளே பழைய வாஷர் அப்படியே இருந்தது. என் கையில் கொடுத்தார். ரப்பர் மாதிரியே இல்லை, காய்ந்த பிளாஸ்டிக் மாதிரி விறைத்து, லேசாக வளைத்ததும் இரண்டாக உடைந்தது. புஷ்ஷும் பழையதுதான். தண்டை அதில் திரும்பச் செருகி ஆட்டிக் காட்டினார், விழப்போகிற பல் மாதிரி ஆடியது. புஷ்ஷின் துவாரம் ஒரு பக்கமாகத் தேய்ந்து முட்டை வடிவமாகிவிட்டிருந்தது.

"வாஷர் மேல பசையத் தடவி, புஷ்ஷுக்குள்ள கிரீஸத் திணிச்சு விட்டிருக்கான்மா. சும்மா வெச்சா ஒழுகாது. ஓட்டினா சூட்டுல கிரீஸ் இளகி வெளியே வந்துரும், அது வழியா தண்ணி இறங்கும்" என்றார். சட்னியில் வந்த கறுப்பு அந்தக் கிரீஸும், தேய்ந்த உலோகப் பொடியும்தான். இதையா என் பிள்ளைகளுக்குக் கொடுக்க இருந்தேன் என்று நினைத்தபோது கை நடுங்கியது.

தண்ணீர் ஊற்றித் தூக்கிக் காட்டிய அந்தச் சோதனைக்கு ஏன் அர்த்தமே இல்லை என்பதையும் அவர்தான் விளக்கினார். ஜாரின் தகடும் புஷ்ஷும் சேரும் இடத்தில் உட்காருவது வாஷர். அது போனால் ஜார் சும்மா இருக்கும்போதே சொட்டும். தண்டும் புஷ்ஷும் தேய்ந்தால் ஓடும்போதுதான் கசியும், ஏனென்றால் தண்டு ஆட ஆட இடைவெளி திறக்கிறது. ஆடுகிற தண்டு வாஷரையும் சீக்கிரம் கெடுக்கும். அதனால் புஷ்ஷை விட்டுவிட்டு வாஷரை மட்டும் மாற்றினாலும் கொஞ்ச நாளில் பழைய கதைதான்.

புது புஷ் செட் 130, கூலி 70. இருநூறு ரூபாயில் ஜார் சரியாகிவிட்டது. பிரித்து மாட்ட அவருக்கே அரை மணி நேரம் ஆனது, அந்தத் தம்பிக்குக் கால் மணி நேரத்தில் எப்படி முடிந்தது என்பது அப்போதுதான் உறைத்தது. மோட்டாரின் கரகரப்பு மட்டும் போகவில்லை. இரண்டு நாள் காயட்டும், பிறகு பார்க்கலாம் என்று மிக்சியை அங்கேயே வைத்துக்கொண்டார்.

என்ன செய்யணும் என்று விவரமாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். உங்கள் ஜாரை அடியில் ஒரு டம்ளர் வைத்துத் தண்ணீரோடு கால் மணி நேரம் நிறுத்துங்கள். சொட்டினால் வாஷர். சொட்டாவிட்டால் அடியைத் துடைத்துவிட்டு, பாதித் தண்ணீரோடு ஒரு நிமிஷம் ஓட்டி, கப்ளரைச் சுற்றி வெள்ளைத் துணியால் ஒற்றுங்கள். ஈரமோ கறுப்போ வந்தால் புஷ். பிளேடு ஆடினால், ஜாரை மிக்சியிலிருந்து எடுத்த பிறகு, கப்ளரை அசையாமல் பிடித்துக்கொண்டு பிளேடைத் துணி சுற்றி அசைத்துப் பாருங்கள். பிளேடு தனியாக ஆடினால் மேல் நட்டுதான் தளர்ந்திருக்கிறது, முறுக்கினால் போதும். தண்டோடு சேர்ந்து பக்கவாட்டில் ஆடினால் புஷ் போய்விட்டது.

ஒழுகுகிற ஜாரை ஒரு நாள்கூட ஓட்டாதீர்கள், மோட்டார் போகும். பிரிப்பது உங்கள் கண் முன்னால் நடக்கட்டும். பழைய வாஷரையும் புஷ்ஷையும் கையில் வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள். பில்லில் மாற்றிய சாமான் பேர் தனித்தனியாக இருக்கணும்.

நான் இன்று காலை 1915, தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்து புகார் பதிந்துவிட்டேன். உடைந்த வாஷர், அந்த ஒரு வரி பில், பணம் அனுப்பிய ரசீது மூன்றையும் ஒரு கவரில் போட்டு வைத்திருக்கிறேன். 1,350 ரூபாயும் திரும்பி வரும்வரை விடப்போவதில்லை.