நிராகரிப்பு மடலுக்கு எந்த வழியில் பதில் எழுதுவது: நான்கு வழிகளின் ஒப்பீடு

கோவையில் ஒரு நடுத்தர மென்பொருள் நிறுவனத்தின் நேர்காணல் குழுவில் சில ஆண்டுகள் இருந்திருக்கிறேன். இறுதிச் சுற்று வரை வந்து வாய்ப்பை இழந்தவர்கள், "வேறொருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டோம்" என்ற மடலைப் பெற்றபின் என்ன செய்கிறார்கள், அது நிறுவனத்துக்குள் எங்கே போய்ச் சேர்கிறது என்பதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். சிலர் அதே மடலுக்கு நன்றி சொல்லிப் பதில் எழுதுகிறார்கள். சிலர் லிங்க்டுஇன்னில் இணைப்பு கோருகிறார்கள். சிலர் தேர்வாகாததற்குக் காரணம் கேட்கிறார்கள். மிகப் பலர் ஒன்றும் எழுதாமல், அடுத்த விளம்பரம் வரும்போது போர்ட்டலில் மறுபடி விண்ணப்பிக்கிறார்கள். இந்த நான்கில் நான் முதலாவதையே தேர்ந்தெடுப்பேன். அது எடுபடாத இடங்களும் உண்டு. அவற்றைப் பின்னால் சொல்கிறேன்.

வழிகளை ஒப்பிடுமுன், இந்தப் பதிலுக்கு ஏன் பயன் உண்டு என்பதைச் சொல்ல வேண்டும். நம் ஊர் மென்பொருள் நிறுவனங்கள் பலவற்றில் நோட்டீஸ் பீரியட் 60 அல்லது 90 நாள். தேர்வானவர் ஆஃபர் கடிதத்தில் கையெழுத்திட்ட பிறகும் இரண்டு மூன்று மாதங்கள் பழைய நிறுவனத்தில்தான் இருப்பார். அந்த இடைவெளியில் அவருக்கு இன்னொரு ஆஃபர் வரலாம். இருக்கும் நிறுவனமே சம்பளத்தை உயர்த்தி அவரை நிறுத்திக்கொள்ளலாம். சேர வேண்டிய வாரத்தில் "வர இயலவில்லை" என்று அவர் சொல்லிவிட்டால், எச்.ஆர். புதிதாக விளம்பரம் கொடுத்து ஆள் தேடத் தொடங்குவதற்கு முன், இறுதிச் சுற்றில் இரண்டாவதாக நின்றவரைத்தான் முதலில் நினைப்பார். ஆகவே "எதிர்கால வாய்ப்பு" என்று நாம் எழுதுவது பெரும்பாலும் அடுத்த 90 நாட்களுக்குள் வரக்கூடிய ஒன்று. அந்த நாளில் எச்.ஆரின் கண்ணில் யார் பெயர் படுகிறது, அவரைப் பற்றி என்ன தகவல் கையில் இருக்கிறது என்ற அளவுகோலில்தான் நான்கு வழிகளையும் பார்க்கிறேன்.

அதே மடல் தொடரில் பதில் எழுதுவதன் பலம், அது எங்கே தங்குகிறது என்பதில் இருக்கிறது. அந்தத் தொடரிலேயே வேலையின் பெயரும், நேர்காணல் தேதிகளும், பல சமயம் உங்கள் சுயவிவரமும் இருக்கும். எச்.ஆர். இரண்டு மாதம் கழித்து அந்த வேலையின் பெயரைத் தன் அஞ்சல் பெட்டியில் தேடினால், உங்கள் பதிலும் சேர்ந்து மேலே வரும். இதைப் பலர் தம்மை அறியாமலே கெடுத்துக்கொள்கிறார்கள்: "நன்றி" என்று புதிய தலைப்பிட்டுத் தனி மடல் அனுப்புகிறார்கள், அல்லது பதிலில் தலைப்பை மாற்றிவிடுகிறார்கள். ஜிமெயிலில் தலைப்பை மாற்றினால் அது வேறு உரையாடலாகப் பிரிந்துவிடும். பழைய விவரங்கள் ஓரிடத்திலும் உங்கள் நன்றி வேறிடத்திலுமாகக் கிடக்கும்.

இதில் ஒரு தடை உண்டு. நிராகரிப்பு மடல்கள் பலவும் விண்ணப்பங்களை நிர்வகிக்கும் மென்பொருளிலிருந்து தானாகக் கிளம்புகின்றன. அனுப்புநர் முகவரியில் `noreply` என்று இருந்தால், அங்கே எழுதுவதை யாரும் படிக்க மாட்டார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். சில நேரம் அனுப்புநர் முகவரி இயந்திரத்துடையதாக இருந்தும் பதில் மட்டும் ஒரு மனிதருக்குப் போகும்படி அமைத்திருப்பார்கள். பதில் பொத்தானை அழுத்தி, பெறுநர் இடத்தில் எந்த முகவரி வருகிறது என்று பார்த்தாலே தெரிந்துவிடும். மனித முகவரி வராவிட்டால், நேர்காணலுக்கு நேரம் குறித்து வந்த பழைய அழைப்பைத் தேடுங்கள். அதை அனுப்பியவர் ஒரு மனிதராகவே இருப்பார். அந்தத் தொடரில் பதில் எழுதினால் போதும்.

லிங்க்டுஇன் இணைப்புக்கு இருக்கும் பெரிய நன்மையை மடலால் தர இயலாது. எச்.ஆர். வேலை மாறினால் நிறுவன முகவரியோடு உங்கள் மடலும் பின்தங்கிவிடும். லிங்க்டுஇன் தொடர்போ அவர் போகும் நிறுவனத்துக்கும் கூடவே போகும். ஆட்சேர்ப்பில் இருப்பவர்கள் அடிக்கடி நிறுவனம் மாறுகிறவர்கள் என்பதால் இது சிறிய நன்மை அன்று. ஆனால் நான் மேலே சொன்ன 90 நாள் கணக்கில் இது பின்தங்குகிறது. லிங்க்டுஇன்னில் நீங்கள் எழுதியது அந்த ஒருவரின் சொந்தப் பெட்டியில் இருக்கும். உங்களைப் பற்றி நிறுவனம் வைத்திருக்கும் பதிவில் சேராது. அந்த வாரம் அவர் விடுப்பில் இருந்து வேறொருவர் பட்டியலைத் திறந்தால், உங்கள் செய்தி அவர் பார்வைக்கே வராது. இணைப்புக் கோரிக்கையோடு எழுதக்கூடிய குறிப்பும் சில வரிகளுக்கு மேல் போகாது.

இன்னொன்றையும் குழுவில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். நிராகரிப்பு வந்த அன்றிரவே நேர்காணல் செய்த மூவருக்கும் எச்.ஆருக்கும் ஒரே வாசகத்தோடு கோரிக்கை அனுப்பியவர்கள் உண்டு. மறுநாள் தேநீர் நேரத்தில் மூவரும் அதைப் பேசிக்கொள்வோம்; அந்த வாசகம் யாருக்கும் உரியதாக இல்லாமல் போய்விடும். மடலை எச்.ஆருக்கு முதலில் அனுப்பிவிட்டு, ஒரு வாரம் கழித்து, உங்களோடு பொருள் பொதிந்த உரையாடல் நடத்திய ஒரே ஒருவருக்கு மட்டும் அந்த உரையாடலைக் குறிப்பிட்டு இணைப்பு கோருவதே நன்று.

காரணம் கேட்கும் வழியைத்தான் நான் மிகுந்த தயக்கத்தோடு பார்க்கிறேன். கற்றுக்கொள்ளும் ஆர்வத்தில் கேட்பது தவறில்லை. ஆனால் நன்றியையும் கேள்வியையும் ஒரே மடலில் வைத்தால், எச்.ஆர். அதைப் படித்து முடித்துப் பதிலளிக்கக்கூடிய மடலாக அது இருப்பதில்லை. அவர் குழுவிடம் போய்க் கேட்க வேண்டும்; குழுவின் குறிப்புகளை வெளியே சொல்ல நிறுவனம் அனுமதிக்கிறதா என்று யோசிக்க வேண்டும்; பிறகு பார்க்கலாம் என்று ஒதுக்கிவைப்பார், அதோடு நன்றியும் ஒதுங்கிவிடும். எச்.ஆர். தொலைபேசியில் அழைத்து முடிவைச் சொல்லியிருந்தால், அந்த உரையாடலிலேயே, "நான் வலுப்படுத்த வேண்டிய ஒரு பகுதியைச் சொல்ல முடியுமா மேடம்?" என்று கேட்டுவிடுவது நல்லது. எழுத்தில் சொல்லத் தயங்குவதைப் பேச்சில் பலர் சொல்லிவிடுகிறார்கள். மடலில் கேட்டே ஆக வேண்டுமென்றால், முதல் மடலுக்குப் பதில் வந்த பிறகு, ஒரே குறுகிய கேள்வியாகக் கேட்கலாம்.

ஒன்றும் எழுதாமல் இருப்பதைக் குறையாகவே சொல்ல வேண்டியதில்லை. சுயவிவரத்தைப் பார்த்த நிலையிலேயே வந்த தானியங்கி மறுப்புக்குப் பதில் எழுதிப் பயனில்லை; நன்றி சொல்ல அங்கே உங்களைச் சந்தித்தவர் எவரும் இல்லை. பெரிய நிறுவனங்கள் பலவற்றில், நேர்காணலில் தேர்வாகாதவர் ஆறு மாதம் போன்ற ஒரு காலத்துக்கு மறுபடி விண்ணப்பிக்க முடியாத கூலிங் பீரியட் இருக்கிறது. எவ்வளவு நயமாக எழுதினாலும் அந்த விதி தளராது. கன்சல்டன்சி வழியாகப் போயிருந்தால் இன்னும் கவனம் தேவை. உங்களை அறிமுகப்படுத்தியதற்கான கட்டணம் ஒரு குறிப்பிட்ட காலம் வரை அந்தக் கன்சல்டன்சிக்கு உரியது என்ற ஒப்பந்தம் வழக்கமாக இருக்கும். கன்சல்டன்சிக்காரரைத் தாண்டி நீங்கள் நேரடியாக எழுதினால் நிறுவனத்துக்குச் சிக்கல், அவருக்கு மனத்தாங்கல். அங்கே நன்றியை அவர் வழியாகவே அனுப்புங்கள்.

இனி ஒரு நிகழ்வு. நான்கு ஆண்டு அனுபவமுள்ள சாஃப்ட்வேர் டெஸ்டர் ஒருவர் எங்களிடம் மூன்று சுற்றுகள் வந்தார். ஆட்டோமேஷனில் திறமையானவர். லோடு டெஸ்டிங்கில் அனுபவம் இருந்த இன்னொருவரைத் தேர்ந்தெடுத்தோம். இவர் முதலில் எழுதிவைத்து, நல்ல வேளையாக அனுப்பாமல் விட்ட வரைவைப் பிற்பாடு என்னிடம் காட்டினார். மடல்கள் இரண்டும் ஆங்கிலத்தில் இருந்தவை. பொருளைத் தமிழில் தருகிறேன். வரைவு இது:

> "எனக்கு இந்த அரிய வாய்ப்பை அளித்ததற்கு மிக்க நன்றி. தேர்வாகாதது மிகுந்த ஏமாற்றம் அளிக்கிறது. ஆனாலும் தங்கள் முடிவை மதிக்கிறேன். எதிர்காலத்தில் என் தகுதிக்கு ஏற்ற எந்த வேலை வந்தாலும் தயவுசெய்து என்னை நினைவில் கொள்ளவும்."

அவர் உண்மையில் அனுப்பியது இது:

> "வணக்கம் மேடம். முடிவை நேரத்தோடு தெரிவித்ததற்கு நன்றி. செவ்வாய்க்கிழமை சுற்றில், ஒரு டெஸ்ட் சில நாள் தேறுவதும் சில நாள் தோற்பதும் ஏன் என்று குழுவினர் என்னோடு அரை மணி நேரம் பேசியது எனக்கு மிகவும் பயனாக இருந்தது. அவர்களுக்கும் என் நன்றியைச் சொல்லுங்கள். இதே டெஸ்டிங் குழுவில் ஆட்டோமேஷன் வேலைக்கு இடம் வந்தால் என்னைப் பரிசீலிக்க வேண்டுகிறேன். என் நோட்டீஸ் பீரியட் 30 நாள். என் விவரங்களைப் பதிவில் வைத்துக்கொள்ள எனக்குச் சம்மதம். கைபேசி எண் கீழே."

வரைவில் பிழை ஏதும் இல்லை. ஆனால் அதை எந்த நிறுவனத்துக்கும் அனுப்பலாம். "எந்த வேலை வந்தாலும்" என்பது பணிவாகத் தோன்றினாலும், எந்த வேலைக்கு அவரை நினைப்பது என்று எச்.ஆருக்கு அதிலிருந்து தெரியாது. ஏமாற்றத்தைச் சொல்லும் வரி, படிப்பவரை ஆறுதல் கூற வேண்டிய இடத்தில் நிறுத்துகிறது. இரண்டாவது மடலில் செவ்வாய்க்கிழமை உரையாடல் இருப்பதால், எச்.ஆர். அதை எங்கள் மூவருக்கும் முன்னனுப்பினார். எங்களுக்கு அவர் முகம் உடனே நினைவுக்கு வந்தது. 30 நாள் என்பதுதான் அந்த மடலில் எச்.ஆருக்கு வேண்டியிருந்த தகவல். சம்மதம் தெரிவிக்கும் வரி நம் ஊரில் மரியாதைக்காக எழுதுவதுபோல் தோன்றலாம். 2018 முதல் நடைமுறையில் உள்ள, தனிநபர் தகவல்களைப் பாதுகாக்கும் ஜி.டி.பி.ஆர். சட்டத்துக்கு உட்பட்ட ஐரோப்பிய நிறுவனங்கள், தேர்வாகாதவரின் விவரங்களைக் காலவரையின்றி வைத்திருக்க முடியாது என்பதால், பல இடங்களில் அந்தச் சம்மதத்தைத் தனியாகவே கேட்கிறார்கள். அத்தகைய நிறுவனத்துக்கு எழுதும்போது அந்த வரியை விடக் கூடாது.

மடல் வந்த நாளிலோ மறுநாளிலோ பதில் அனுப்பிவிடுவது நல்லது. இரண்டு வாரம் தாண்டினால் எச்.ஆர். அந்த வேலையை முடித்து அடுத்ததற்குப் போயிருப்பார். நம் டெஸ்டர் மறுநாள் காலையில் அனுப்பினார். ஏழாவது வாரத்தில், நாங்கள் தேர்ந்தெடுத்தவர் தம் பழைய நிறுவனத்திலேயே இருந்துவிட முடிவு செய்தார். எச்.ஆர். அந்த மடல் தொடரைத் திறந்து, 30 நாள் என்ற வரியைக் காட்டி, "லோடு டெஸ்டிங்கை வேலையில் சேர்ந்த பிறகு கற்றுக்கொள்ளலாமா?" என்று எங்களைக் கேட்டார். அந்த வாரம் எங்கள் முன் இருந்த மற்ற இருவருக்கும் 90 நாள் நோட்டீஸ். அவரை அழைத்தோம், வந்தார். இப்படி நடக்காத மடல்களே அதிகம் என்பதையும் நான் அறிவேன். எங்களிடம் வந்த நல்ல மடல்களில் பல, இடம் திறக்காததால் அப்படியே நின்றுவிட்டன.

அப்படி நின்றுவிட்டால், மூன்று மாதம் கழித்து அதே தொடரில் இன்னொரு முறை எழுதலாம், சொல்வதற்குப் புதிதாக ஏதாவது இருந்தால் மட்டும். நம் டெஸ்டருக்கு அந்தத் தேவை வந்திருந்தால், "ஜேமீட்டர் கொண்டு எங்கள் நிறுவனத்தில் ஒரு லோடு டெஸ்டை முடித்தேன், சுயவிவரத்தைப் புதுப்பித்து இணைத்துள்ளேன்" என்ற இரண்டு வரி போதுமானதாக இருந்திருக்கும். "ஏதாவது வாய்ப்பு இருக்கிறதா?" என்று மட்டும் மாதந்தோறும் கேட்டு வந்த மடல்களை எங்கள் எச்.ஆர். மூன்றாவது முறையிலிருந்து திறப்பதையே நிறுத்திவிட்டார்.