இன்டர்ன்ஷிப் ஜே.டி.: திறன் பட்டியலை நம்பலாமா, வேலைப் பட்டியலை நம்பலாமா?

முதன்முதலாக இன்டர்ன்ஷிப்புக்கு விண்ணப்பிப்பவர், ஜே.டி. எனப்படும் வேலை விவரக் குறிப்பில் எது கட்டாயம், எது இருந்தால் நல்லது என்று பிரிக்க இரண்டு வழிகள் உண்டு. நிறுவனத்தினரே போட்டிருக்கும் ‘மஸ்ட் ஹேவ்’, ‘குட் டு ஹேவ்’ தலைப்புகளை அப்படியே எடுத்துக்கொள்வது ஒன்று. ‘ரெஸ்பான்சிபிலிட்டீஸ்’ பகுதியை முதலில் படித்துவிட்டு, ஒவ்வொரு திறனும் அங்குள்ள எந்த வேலைக்கு வேண்டும் என்று பொருத்திப் பார்ப்பது மற்றொன்று. கல்லூரி மூன்றாம் ஆண்டில் நான் பிடித்துக்கொண்டது இரண்டாவதை. இப்போது தம்பி தங்கைகள் கேட்டாலும் அதைத்தான் சொல்கிறேன்.

முதல் வழியில் வேகம் இருக்கிறது. தகுதி வரிகளுக்கு அதுவே போதும். எந்த ஆண்டு படிப்பை முடிப்பவர், எந்தப் பட்டம், எவ்வளவு சி.ஜி.பி.ஏ., அரியர் இருக்கலாமா, ஆறு மாதம் அலுவலகம் வர முடியுமா என்பவற்றுக்கு வியாக்கியானம் தேவையில்லை. இல்லையென்றால் இல்லைதான்.

திறன்களுக்கு வரும்போதுதான் தலைப்புகள் தடுமாறுகின்றன. நிரந்தர வேலைக்கு எழுதிய பழைய ஜே.டி.யை எடுத்து, தலைப்பில் ‘இன்டர்ன்’ என்று சேர்த்து ஏற்றிவிடுவது பல இடங்களில் நடப்பதுதான். டீமில் புழங்கும் கருவிகள் எல்லாம் கட்டாயப் பட்டியலில் ஏறிவிடும். வேலைப் பகுதியை மட்டும் யாராவது யோசித்து எழுதியிருப்பார்கள், ஏனென்றால் வந்தவருக்கு அந்த வேலையைக் கொடுத்தாக வேண்டும்.

வழக்கமாகக் கண்ணில் படும் மாதிரியில் ஒரு டேட்டா அனலிஸ்ட் இன்டர்ன் ஜே.டி.யை வைத்துக்கொள்வோம். கட்டாயம்: எஸ்.க்யூ.எல்., எக்செல், பைத்தான், ஏ.டபிள்யூ.எஸ். இருந்தால் நல்லது: பவர் பி.ஐ. கீழே மூன்று வேலைகள்: வாராவாரம் டேட்டாபேஸிலிருந்து விற்பனைக் கணக்கை எடுத்து அனுப்புவது, கிளைகளிலிருந்து வரும் எக்செல் கோப்புகளில் இரட்டைப் பதிவுகளையும் விடுபட்டவற்றையும் சரிபார்ப்பது, ஏற்கெனவே இருக்கும் பவர் பி.ஐ. டாஷ்போர்டுகளைப் புதுப்பிப்பது.

இப்போது பொருத்திப் பாருங்கள். முதல் வேலைக்கு எஸ்.க்யூ.எல். இல்லாமல் முடியாது. இரண்டாவதற்கு எக்செல். மூன்றாவது வேலையே பவர் பி.ஐ.தான். தலைப்பில் அது ‘இருந்தால் நல்லது’. வேலையிலோ மூன்றில் ஒன்று. சேர்ந்த பிறகு கற்றுத்தரத் தயாராக இருக்கிறார்கள் என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். ஆனால் தெரிந்த ஒருவர் பக்கத்தில் நின்றால் அவர்தான் முந்துவார். பைத்தான் கோப்புகளைச் சரிபார்க்க உதவும், ஆனால் எந்த வேலையும் அதை நம்பி நிற்கவில்லை. ஏ.டபிள்யூ.எஸ்.ஸுக்கு இங்கே வேலையே இல்லை. ஆக, தலைப்பை நம்பினால் விண்ணப்பிக்காமலே விலகியிருப்பீர்கள், அல்லது தேவைப்படாத ஏ.டபிள்யூ.எஸ். பாடத்தில் உட்கார்ந்திருப்பீர்கள்.

எனக்கு இந்த வழி பிடித்துப்போக முக்கியக் காரணம், எவ்வளவு ஆழம் வேண்டும் என்பதையும் அது காட்டிவிடுகிறது. கட்டாயப் பட்டியலில் ‘எஸ்.க்யூ.எல்.’ என்று மட்டும் இருந்தால் எதுவரை படிப்பது? ‘வாராந்திர விற்பனைக் கணக்கு’ என்று பார்த்ததும், இரண்டு மூன்று டேபிள்களை `JOIN` செய்து, `WHERE` போட்டுத் தேதியைச் சுருக்கி, `GROUP BY` மூலம் கூட்டத் தெரிந்தால் பெரும்பாலும் ஓட்டிவிடலாம் என்று புரிகிறது. அதேபோல ‘புதுப்பிப்பது’ என்ற வினையைக் கவனியுங்கள். ‘டாஷ்போர்டு வடிவமைப்பது’ என்று எழுதியிருந்தால் கதை வேறு. இங்கே கோப்பைத் திறந்து, டேட்டாவை ரிஃப்ரெஷ் செய்து, ஒரு சார்ட்டை மாற்றத் தெரிந்தால் ஆரம்பத்துக்குப் போதும். பவர் பி.ஐ. டெஸ்க்டாப்பை விண்டோஸில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம், சின்னதாக ஒன்று செய்து ரெஸ்யூமேயில் போடவும் முடியும்.

சரி, இது தோற்கும் இடங்களும் உண்டு. வேலைப் பகுதியில் ‘டீமின் அன்றாடப் பணிகளில் உதவுவது’ என்று ஒற்றை வரி மட்டும் இருந்தால் பொருத்துவதற்கு எதுவும் கிடையாது. தலைப்புகளுக்கே திரும்ப வேண்டியதுதான். விண்ணப்பப் படிவத்திலேயே ‘பைத்தான் தெரியுமா?’ என்று தனிக் கேள்வி வந்தாலும், பதவியின் பெயரிலேயே பைத்தான் இருந்தாலும், வேலைப் பகுதி என்ன சொன்னாலும் அதைக் கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். படிவத்தில் ‘இல்லை’ என்று போட்டால், மனிதர் யாரும் பார்க்கும் முன்பே வடிகட்டும்படி அமைத்திருக்கலாம்.

நான் பார்த்தவை பெரும்பாலும் டேட்டா, சாஃப்ட்வேர் பக்கத்து ஜே.டி.க்கள். மெக்கானிக்கல், சிவில் மாணவர்களுக்கு இதே உறுதியோடு சொல்ல மாட்டேன். ஆட்டோகேட் கட்டாயம் என்று போட்டிருந்தால், வேலைப் பகுதியில் அந்தப் பெயர் வராவிட்டாலும், ‘டிராயிங்’ என்ற சொல் எங்காவது இருக்கிறதா என்று தேடிவிட்டு முடிவெடுங்கள்.